பெட்ரோல் இருப்புக் கணக்கு: லோடு வந்த நாளில் 139 லிட்டர் குறைவு, மாதக் கடைசியில் 158 லிட்டர் கூடுதல். எங்கே பிசகு?

கேள்வி – பங்க் மேலாளர், சேலம்

வணக்கம். எங்கள் பெட்ரோல் டேங்க் 20,000 லிட்டர் கொள்ளளவும் 2 மீட்டர் விட்டமும் உடையது. கடந்த மாதம் ஒரு நாள் காலை டேங்கில் ராடு விட்டு அளந்த டிப்பின்படி இருப்பு 4,180 லிட்டர்; பிற்பகலில் 12,000 லிட்டர் லோடு இறங்கியது. பம்பு வழியாகப் போன மொத்த லிட்டரைக் காட்டும் டோட்டலைசர்படி விற்பனை 2,640 லிட்டர்; அதில் நான்கு நாசில்களுக்கும் ஐந்தைந்து லிட்டராக டெஸ்டிங் எடுத்து டேங்கிலேயே திரும்ப ஊற்றிய 20 லிட்டரைக் கழித்தால் 2,620. ஆகவே புத்தக இருப்பு 13,560 இருக்க வேண்டும். இரவு டிப்போ 13,421 காட்டியது. மறுநாள் 41 லிட்டர் கூடுதலாக வந்தது.

ஆவியாதலுக்காக விற்பனையில் 0.75 சதவீதத்தைத் தினமும் கழித்தே பதிவேட்டை எழுதுகிறேன். மாத விற்பனை 78,400 லிட்டர்; கழித்தது 588 லிட்டர்; முடிவில் 158 லிட்டர் கூடுதலாக நிற்கிறது. பெட்ரோல் எப்படிக் கூடும் என்று முதலாளி கேட்கிறார்.

பதில் 1 – டீலர், மதுரை

லாரியில்தான் குறைவாக வந்திருக்கும். இறக்குவதற்கு முன் சேம்பர் டிப்பையும் டென்சிட்டியையும் சலானோடு ஒப்பிட்டீர்களா? மற்றபடி, பெட்ரோலுக்கு டேங்க் இருப்பில் 4 சதவீதம் வரை வேறுபாட்டுக்கு அனுமதி உண்டு. நீங்கள் வீணாகக் கவலைப்படுகிறீர்கள்.

பதில் 2 – ஓய்வுபெற்ற விற்பனை அலுவலர்

மதுரை நண்பர் சொல்லும் 4 சதவீதம் ஆய்வின்போது பார்க்கப்படும் எல்லை. 13,400 லிட்டர் இருப்பில் அது 536 லிட்டர் ஆகிறது. அவ்வளவு குறையும் வரை காத்திருந்தால் கணக்கு வைப்பதில் பொருளில்லை.

மேலாளர் அவர்களே, 0.75 சதவீதம் என்பது ஆண்டுக்கு 600 கிலோலிட்டர் வரையிலான பெட்ரோல் விற்பனைக்கு ஏற்றுக்கொள்ளப்படும் இழப்பு. அதற்கு மேற்பட்ட விற்பனைக்கு 0.60. அது உங்கள் டேங்கில் உண்மையில் ஆவியான அளவு ஆகாது. அதைத் தினமும் முன்கூட்டியே கழித்ததால்தான் இல்லாத 158 லிட்டர் தோன்றியது. கழிவைச் சேர்க்காமல் பார்த்தால் உங்கள் மாதக் குறைவு 430 லிட்டர். இனி டிப் வேறுபாட்டை அப்படியே எழுதி, அதன் தொடர்கூட்டலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அனுமதியை மாதக் கடைசியில் மட்டும் ஒப்பிடுங்கள்.

லோடு வந்த அன்று லாரிக்கும் டேங்குக்கும் வெப்பநிலை எவ்வளவு வேறுபட்டது? டெஸ்டிங்கில் ஐந்து லிட்டர் அளவையில் எத்தனை மில்லி கூடுதலாக வருகிறது?

மேலாளர்

லாரியில் 37 டிகிரி, டேங்கில் 31 டிகிரி. மற்ற லோடுகள் விடியற்காலையில் இறங்கியவை. அவற்றில் வேறுபாடு பெரிதாக இல்லை, ஐயா. டெஸ்டிங்கில் இரண்டு நாசில்கள் 20 மில்லியும் இரண்டு 10 மில்லியும் கூடுதலாகத் தருகின்றன. 25 மில்லி வரை ஏற்கத்தக்கது என்பதால் "சரி" என்று மட்டும் எழுதி வந்தோம்.

பதில் 2

இங்கேதான் விடை இருக்கிறது. பெட்ரோல் ஒரு டிகிரி குளிர்ந்தால் ஆயிரம் லிட்டருக்கு ஏறத்தாழ 1.2 லிட்டர் சுருங்கும். 12,000 லிட்டர் ஆறு டிகிரி குளிர்ந்தால் 86 லிட்டர் சுருக்கம். அது முழுவதும் அன்றிரவுக்குள் நடந்துவிடாது. நடந்திருந்தாலும் மீதி 53 லிட்டர் இருக்கிறது; அதில் பெரும்பகுதி டிப் பிழையாக இருக்கலாம் என்று நினைக்கிறேன், ஏனெனில் அந்த மட்டத்தில் ராடில் ஒரு மில்லிமீட்டர் தவறாகப் படித்தாலே 12 லிட்டர் மாறும். மறுநாள் 41 லிட்டர் திரும்பி வந்ததும் அதையே காட்டுகிறது. லோடு இறக்கிப் பெட்ரோல் அடங்கிய பிறகு, எல்லா நாசில்களையும் நிறுத்தி, டிப்பையும் டோட்டலைசரையும் ஒரே நேரத்தில் எடுங்கள்.

ஆனால் பெரிய இழப்பு நாசிலில் இருக்கிறது. நான்கும் ஏறத்தாழச் சமமாக விற்பதாகக் கொண்டால், சராசரியாக ஐந்து லிட்டருக்கு 15 மில்லி கூடுதலாகப் போகிறது; அதாவது 0.3 சதவீதம். 78,400 லிட்டரில் அது 235 லிட்டர். உங்கள் 430-இல் பாதிக்கு மேல் வாடிக்கையாளரின் வண்டிக்குள் போயிருக்கிறது. அதை ஆவியாதல் என்ற பெயரில் எழுதி வந்திருக்கிறீர்கள். மீதி 195-தான் சுருக்கமும் ஆவியும் சேர்ந்தது. மில்லியைத் தினமும் நாசில்வாரியாக எழுதுங்கள். அடுத்து முத்திரையிடும்போது மீட்டரைச் சரிசெய்யக் கேளுங்கள். முத்திரை ஆய்வாளர் இல்லாமல் சீலில் யாரும் கை வைக்கக்கூடாது.

பதில் 3 – டீசல் மட்டும் விற்பவர், நாமக்கல்

எனக்கும் இதே குழப்பம்தான், ஆனால் டீசலில். டேங்க் நிறைந்திருக்கும்போது கூடுதலும், அடிக்குப் போகப் போகக் குறைவும் காட்டுகிறது. டீசல் அவ்வளவாக ஆவியாகாதே?

பதில் 2

உங்கள் டேங்க் ஒரு பக்கம் இறங்கியிருக்கலாம், அல்லது ராடின் அளவை லிட்டராக மாற்றும் டிப் சார்ட் அந்த டேங்குக்கு உரியதாக இல்லாமல் இருக்கலாம். டிப் ஒரே சென்டிமீட்டருக்குத் திரும்பி வரும் இரண்டு நாட்களைத் தேர்ந்தெடுத்து, இடைப்பட்ட வேறுபாடுகளைக் கூட்டுங்கள். இரு முனையிலும் சார்ட்டின் பிழை ஒன்றே என்பதால் அது கழிந்துவிடும். கூட்டல் பூஜ்யத்தை ஒட்டி வந்தால் சரக்கு எங்கும் போகவில்லை, சார்ட்டில்தான் கோளாறு.

மேலாளர்

இன்று முதல் கழிவை நிறுத்திவிட்டு, தொடர்கூட்டலுக்கு ஒரு பத்தியும் நாசில் மில்லிக்கு நான்கு பத்திகளும் போட்டிருக்கிறேன். 195 லிட்டரில் ஆவி எவ்வளவு என்பது இன்னும் பிரியவில்லை. அடுத்த மாதக் கணக்கை இங்கேயே பதிகிறேன்.