மூன்றாவது ஆர்டரிலும் புகார், "பார்சல் வரல" என்கிறார், பணத்தைத் திருப்பித் தருவதா?

சுங்குடிக்கடை

வணக்கம். சின்னாளப்பட்டி சுங்குடிச் சேலைகளை வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்து வீட்டிலிருந்து விற்கிறேன். பிரச்சினை எல்லாம் ஒரே வாடிக்கையாளரிடம்தான்.

முதல் ஆர்டர் ஒரு சேலை, 1,100 ரூபாய். வரவில்லை என்றார், ஜிபே பண்ணிவிட்டேன். இரண்டாவது சேலையில் கறை என்று ஒரு போட்டோ வந்தது. திருப்பி அனுப்பச் சொன்னதற்கு "எனக்கு நேரமில்லை, பாதிப் பணம் கொடுங்க" என்றார். 600 கொடுத்தேன், சேலையும் அவரிடமே இருக்கிறது. இப்போது மூன்றாவது. இரண்டு சேலை, தபால் செலவு சேர்த்து 2,400. பேமென்ட் லிங்க்கில் கிரெடிட் கார்டு மூலம் கட்டினார். ஸ்பீடு போஸ்ட் டிராக்கிங்கில் நான்கு நாள் முன்பே `Item Delivered` என்று இருக்கிறது. அவரோ வரவே இல்லை என்கிறார். வேறொரு ஜிபே நம்பர் கொடுத்து, இன்றைக்குள் அதில் பணம் போடாவிட்டால் பேங்க்கில் புகார் செய்வேன் என்கிறார்.

கொடுத்துவிட்டு பிளாக் செய்வதா, கொடுக்காமல் நிற்பதா?

மொத்தவிலை மணி

சிஓடி கொடுத்தா இப்படித்தான் ஆகும். எனக்கு மாசம் பத்து பார்சல் திரும்பி வருது, போக வர செலவு நம்ம தலையில. முதல்ல சிஓடியை நிறுத்துங்க.

சுங்குடிக்கடை

அண்ணா, சிஓடி இல்லை. மூன்றுமே முன்பணம். பார்சல் திரும்பியும் வரவில்லை.

பாலாஜி_கவரிங்

டென்ஷன் ஆகாதீங்க சிஸ்டர். `Item Delivered`னு இருந்தாலே போதும், பேங்க் உங்க பக்கம்தான். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுட்டு பிளாக் பண்ணிடுங்க.

தபால்பெட்டி

பிளாக் செய்யாதீர்கள். இந்த விவகாரத்தில் உங்களுக்கு வேண்டிய எழுத்துப்பூர்வமான சாட்சியெல்லாம் அந்த உரையாடலில்தான் வரப்போகிறது. ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதும் என்பதும் பாதிதான் சரி. டிராக்கிங் பக்கம் தேதியையும் பட்டுவாடா செய்த அலுவலகத்தையும் காட்டும். எந்தக் கதவைத் தட்டினார்கள், யார் கையில் கொடுத்தார்கள் என்பதை அது சொல்லாது. விசா கார்டில் "பொருள் வரவில்லை" என்று பேங்க்கிடம் பணத்தைத் திரும்பக் கேட்கும் தகராறு 13.1 என்ற எண்ணில் வரும். அதற்கு வாடிக்கையாளர் கொடுத்த முகவரியிலேயே சேர்ந்தது என்று காட்ட வேண்டும்.

முக்கியமாக, அந்த வேறு ஜிபே நம்பருக்கு ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள். கார்டில் வந்த பணம் கார்டுக்கே திரும்ப வேண்டும். நீங்கள் ஜிபே செய்த 2,400க்கும் அந்தக் கார்டு பரிவர்த்தனைக்கும் பேங்க் கணக்கில் எந்தத் தொடர்பும் இருக்காது. அதை வாங்கிக்கொண்டு அடுத்த வாரம் கார்டு பேங்க்கிலும் அவர் தகராறு எழுப்பலாம். அப்போது பேமென்ட் லிங்க் கொடுத்த கேட்வே நிறுவனம் இன்னொரு 2,400ஐப் பிடித்துவிடும். சேலைகளும் போய் 4,800ம் போகும். திருப்பித் தருவது என்று முடிவானாலும், பேமென்ட் லிங்க் டாஷ்போர்டில் அதே பேமென்ட்டைத் திறந்து ரீஃபண்ட் கொடுங்கள். அதற்கு ஏஆர்என் என்ற குறிப்பு எண் கிடைக்கும். பிறகு தகராறு வந்தாலும் அந்த எண்ணைக் காட்டினால் போதும்.

சுங்குடிக்கடை

ஐயோ, முதல் ஆர்டருக்கும் இப்படித்தான் வேறு நம்பருக்குப் போட்டேன். சரி, இப்போது தபால் ஆபீஸில் என்ன கேட்பது?

தபால்பெட்டி

பட்டுவாடா விவரம் கேளுங்கள். அனுப்பியவர் என்ற முறையில் புகார் செய்ய உங்களுக்கு உரிமை உண்டு. புக்கிங் ரசீதில் இருக்கும் 13 எழுத்து எண்ணை வைத்து இந்தியா போஸ்ட் தளத்தில் புகார் பதியலாம், 1800 266 6868லும் சொல்லலாம். "டெலிவரி ஆகவில்லை" என்று மொட்டையாக எழுதினால் "டெலிவரி ஆகிவிட்டது" என்றே பதில் வந்து புகாரை முடித்துவிடுவார்கள். "பெறுபவர் கிடைக்கவில்லை என்கிறார். யாரிடம் கொடுக்கப்பட்டது, பெற்றவர் பெயர், கையெழுத்துப் பதிவு வேண்டும்" என்று எழுதுங்கள்.

இதோடு வாடிக்கையாளருக்கு இன்றே ஒரு செய்தி அனுப்புங்கள். கோபமோ குற்றச்சாட்டோ வேண்டாம்:

"உங்கள் பார்சல் (எண் …) இந்தத் தேதியில் பட்டுவாடா ஆனதாகத் தபால் துறை காட்டுகிறது. அஞ்சலகத்தில் விசாரணை கேட்டிருக்கிறேன். நீங்கள் கொடுத்த முகவரி இதுதானா? அன்று வீட்டில் யார் இருந்தார்கள், வாட்ச்மேனிடமோ பக்கத்து வீட்டிலோ விசாரித்தீர்களா? பார்சல் கிடைக்கவில்லை என்று தேதி, பெயர், முகவரியோடு ஒரு வரி எழுதி அனுப்புங்கள். பார்சல் சேரவில்லை என்று தெரிந்தால், நீங்கள் கட்டிய அதே கார்டுக்குப் பணம் திரும்பும்."

நிஜமாகவே கிடைக்காதவர் இதற்கு உடனே பதில் சொல்வார், அவருக்கும் பார்சல் எங்கே என்று தெரிய வேண்டுமே. ஏமாற்ற நினைப்பவர் பெரும்பாலும் பெயரோடு எழுதித் தரமாட்டார், "பணம் எப்போது" என்று மட்டும் கேட்பார். அதை வைத்தே முடிவுக்கு வந்துவிடாதீர்கள். அடுக்குமாடியில் வாட்ச்மேன் வாங்கி வைத்து மறப்பதும், தவறான வீட்டில் கொடுப்பதும் நடக்கிற விஷயங்கள். மூன்று முறை புகார் சொன்னார் என்பதாலேயே மூன்றாவதும் பொய் என்று ஆகாது.

கோவை_காட்டன்ஸ்

அவங்க பேர், போன் நம்பர், அட்ரஸ் எல்லாம் போட்டு நம்ம செல்லர் குரூப்ல "ஃபிராடு லிஸ்ட்"ல போடுங்க அக்கா. மத்தவங்களாவது தப்பிக்கட்டும்.

வக்கீல்வீட்டு மருமகள்

அதைச் செய்யாதீர்கள் தோழி. இப்போது உங்கள் கையில் இருப்பது சந்தேகம் மட்டும்தான். முகவரியோடு போட்டால் அவதூறு என்று அவர் உங்கள்மேல் திரும்ப முடியும், புகார் சொன்னவர் குற்றம்சாட்டப்பட்டவர் ஆகிவிடுவார். இனி அவருக்கு விற்பதில்லை என்று நீங்களே முடிவெடுத்துக்கொள்ளலாம், அதற்கு யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது ஆர்டரில்தான் உண்மையான பாடம் இருக்கிறது என்று நினைக்கிறேன். கறை என்றவுடன் பாதிப் பணம் கொடுத்தீர்கள். 2020 மின்வணிக விதிகளின்படி குறையுள்ள பொருளையும், சொன்னதுபோல் இல்லாத பொருளையும் விற்பவர் திரும்ப எடுக்க மறுக்க முடியாது. நீங்கள் மறுக்கவில்லை, அவர்தான் அனுப்ப மறுத்தார். ஆனால் அது பதிவாகும்படி நீங்கள் நடந்துகொள்ளவில்லை. அடுத்த முறை "திரும்பும் தபால் செலவு என்னுடையது, இந்த முகவரிக்கு 7 நாளில் அனுப்புங்கள், வந்து சேர்ந்ததும் முழுப் பணமும் தருகிறேன்" என்று எழுத்தில் கொடுங்கள். செலவு உங்களுடையது என்பதை விட்டுவிடாதீர்கள். "உங்கள் செலவில் அனுப்புங்கள்" என்றால், திருப்பி எடுக்க மறுத்ததாக அதையே காட்டுவார்கள்.

தபால்பெட்டி

ஆமாம், கார்டு விதியும் அப்படித்தான். பொருள் சரியில்லை என்ற தகராறு விசாவில் 13.3. அதில் கார்டு வைத்திருப்பவர் பொருளைத் திருப்பியிருக்க வேண்டும், குறைந்தது திருப்ப முயன்றிருக்க வேண்டும். செலவோடு சேர்த்து நீங்கள் அழைத்தும் அவர் அனுப்பவில்லை என்றால், அந்த ஒரு செய்திதான் உங்களுடைய பலமான ஆவணம். தகராறு அறிவிப்பு வந்ததும் முதலில் எந்தக் காரணம் என்று பாருங்கள். வரவில்லை என்ற புகாருக்குச் சேலையின் தரத்தைப் பற்றிப் பத்துப் பக்கம் அனுப்பிப் பயனில்லை. பதில் சொல்லக் கடைசித் தேதியும் அதிலேயே இருக்கும். அது தாண்டினால் ஒப்புக்கொண்டதாகவே முடித்துவிடுவார்கள்.

பாலாஜி_கவரிங்

நான் "பிரிக்கும் வீடியோ இல்லையென்றால் ரீஃபண்ட் இல்லை"ன்னு பயோல போட்டிருக்கேன். அதுக்கப்புறம் பிரச்சினை குறைஞ்சிருக்கு. நீங்களும் போடுங்க சிஸ்டர்.

வக்கீல்வீட்டு மருமகள்

கேட்பதில் தவறில்லை தம்பி. ஆனால் வீடியோ இல்லை என்ற ஒரே காரணத்துக்காகக் குறையுள்ள பொருளை எடுக்க மறுத்தால் அந்த வாசகம் உங்களைக் காப்பாற்றும் என்று நம்பியிருக்காதீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915க்கு வாங்கியவர் போன் போட்டால், விதிக்குமேல் உங்கள் பயோ நிற்காது.

பாலாஜி_கவரிங்

ரெண்டாயிரம் ரூபாய்க்கு யாரும் அவ்வளவு தூரம் போக மாட்டாங்க அக்கா. நான் அதை எடுக்கப் போறதில்ல.

தபால்பெட்டி

வாங்குபவரின் வீடியோவைவிட உங்களுடைய வீடியோ முக்கியம். சேலையை விரித்து முந்தி, உடல், கரை காட்டி, மடித்து, தராசில் எடை தெரியும்படி வைத்து, ஒட்டி, முகவரி எழுதுவது வரை வெட்டாமல் ஒரே ஓட்டமாக எடுங்கள். இதில் ஒரு சிக்கல் வரும். தபால் எண் கவுன்ட்டரில்தான் கிடைக்கும், ஆகவே வீடியோவில் அது இருக்காது. உங்கள் ஆர்டர் எண்ணை உறைமேல் பெரிதாக எழுதுங்கள். கவுன்ட்டரில் பார்கோடு ஒட்டியதும் உறையையும் ரசீதையும் சேர்த்து ஒரு போட்டோ எடுங்கள். ரசீதில் எடை அச்சாகியிருக்கும். இரண்டு சேலை 1,040 கிராம் என்று வீடியோவிலும் ரசீதிலும் இருந்தால், "ஒரு சேலைதான் இருந்தது" என்ற புகாருக்குப் பதில் அங்கேயே இருக்கிறது.

மொத்தவிலை மணி

எதுக்கு இவ்வளவு? ரிஜிஸ்டர் போஸ்ட்ல அனுப்புனா கையெழுத்து வாங்கிட்டுத்தானே கொடுப்பாங்க.

தபால்பெட்டி

பதிவு அஞ்சல் இப்போது தனிச் சேவையாக இல்லை அண்ணா, 2025இல் ஸ்பீடு போஸ்ட்டோடு இணைத்துவிட்டார்கள். அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் ஸ்பீடு போஸ்ட்டிலேயே "பதிவு" என்று கேட்டு 5 ரூபாயும் ஜிஎஸ்டியும் கூடுதலாகக் கட்டினால் முகவரிதாரருக்கென்றே பட்டுவாடா செய்வார்கள். ஓடிபி பட்டுவாடாவுக்கும் அதே 5 ரூபாய்தான். அதற்குப் பெறுபவரின் மொபைல் எண் சரியாகப் பதிவாக வேண்டும், கவுன்ட்டரிலேயே ரசீதைப் பார்த்துக்கொள்ளுங்கள். சந்தேகமான வாடிக்கையாளருக்கு மட்டுமாவது ஓடிபி போடலாம். ஓடிபி சொல்லி வாங்கிய பிறகு வரவில்லை என்பது கடினம்.

சுங்குடிக்கடை

மூன்று நாள் கழித்து எழுதுகிறேன். அந்தச் செய்தியை அப்படியே அனுப்பினேன். முகவரி சரிதான் என்றார். யார் வீட்டில் இருந்தார்கள் என்பதற்குப் பதில் இல்லை, எழுதித் தரவும் இல்லை. தபாலிலிருந்து பதில் வந்துவிட்டது. கையெழுத்து இருக்கிறது, ஆனால் பெயர் அவருடையது இல்லை. வேறு ஒரு ஆண் பெயர்.

பாலாஜி_கவரிங்

அப்போ வீட்டுக்காரரா இருக்கும். மாட்டிக்கிட்டாங்க.

வக்கீல்வீட்டு மருமகள்

வாட்ச்மேனாகவும் இருக்கலாமே. வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு வாடிக்கையாளர்தான் பொறுப்பு என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. அவர் வீட்டு ஆள் இல்லையென்றால் பணத்தைத் திருப்பித் தருவதுதான் முறை.

தபால்பெட்டி

இதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. கொடுத்த முகவரியில் ஒருவர் கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறார், அது சாதாரண ஆதாரம் இல்லை. அந்தப் பெயரை மட்டும் அனுப்பி, "இவர் உங்கள் வீட்டிலோ கட்டடத்திலோ இருப்பவரா?" என்று கேளுங்கள். தெரியாது என்றால் அதையே எழுத்தில் வாங்கித் தபால் புகாரில் சேர்த்து, தவறான பட்டுவாடா என்று மறுபடி கேளுங்கள். அதற்கு இடையில் கார்டு தகராறு வந்துவிட்டால் பில், முகவரி வந்த சாட், எடையோடு ரசீது, டிராக்கிங் பக்கம், இந்தக் கையெழுத்துப் பதில் எல்லாவற்றையும் தேதி வரிசையில் ஒரே பிடிஎஃப் ஆக்கி ஏற்றுங்கள். முதல் இரண்டு ஆர்டரைக் கடைசியில் இரண்டு வரியில் சொன்னால் போதும்.

சுங்குடிக்கடை

பெயரைக் கேட்டு அனுப்பியிருக்கிறேன். இரண்டு நீல டிக் விழுந்திருக்கிறது, பதில் இல்லை.