கட்லா முள் தொண்டையில் மாட்டி ஆறு மணி நேரம்: இரவே போக வேண்டுமா?

கொளத்தூர்வாசி: அப்பாவுக்கு 68 வயது, மேல்பல் செட் போட்டிருக்கிறார். மதியம் கட்லா குழம்பு சாப்பிடும்போது முள் மாட்டியது. முதலில் வலது பக்கம் குரல்வளைக்கு மேலே குத்துவதாக விரலை வைத்துக் காட்டினார். அம்மா மூன்று வெறும் சோற்று உருண்டை விழுங்கக் கொடுத்தார். இப்போது மேலே வலி இல்லை. ஆனால் கழுத்துக் குழிக்கிட்ட ஏதோ நிற்கிற மாதிரி இருக்கிறதாம், எச்சில் விழுங்கினாலே வலிக்கிறது. காலை வரை பார்க்கலாமா?

பெரியமேட்டு மாமா: பயப்படாதப்பா. வலி கீழே இறங்கினாலே முள் இறங்குதுன்னு அர்த்தம். ரெண்டு வாழைப்பழம் மெல்லாம விழுங்கச் சொல்லு. எலுமிச்சைச் சாறும் குடிக்கட்டும், முள்ளு கரையும்.

தொண்டைப்பிரிவு சிஸ்டர்: மாமா, வலி இறங்கினது முள் இறங்கினதாக இருக்கலாம்னு நீங்க சொன்னது சரி. ஆனா எங்கே இறங்கி நிற்குது என்பதுதான் கேள்வி. கொளத்தூர் தம்பி, இனி எதுவும் சாப்பிடக் கொடுக்காதீங்க, தண்ணீரும் வேண்டாம். இன்றிரவே கிளம்புங்க.

காரணம் சொல்றேன். மேலே டான்சிலிலோ நாக்கின் அடியிலோ குத்தியிருந்தால் ஒரு விரலால் இடம் காட்ட முடியும். பெரும்பாலும் முள்ளின் ஒரு முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மருத்துவர் மரத்துப்போகும் ஸ்ப்ரே அடித்து, விளக்கு வெளிச்சத்தில் இடுக்கியால் சில நிமிஷத்தில் எடுத்துவிடுவார். சோற்று உருண்டை அந்த முனையைச் சதைக்குள் அழுத்திவிடும், இல்லைன்னா முள்ளை உணவுக்குழாய்க்குத் தள்ளிவிடும். சில நேரம் மெல்லிசு முள் வயிற்றுக்கே போய்விடுவதால்தான் இந்த வைத்தியம் நிலைத்து நிற்கிறது. கட்லாவில் சதைக்குள்ளே இரண்டாகக் கிளைத்த முள்கள் இருக்கும். அவை ஒரு பக்கம் குத்தினால் மறுபக்கமும் பிடித்துக்கொள்ளும்.

எலுமிச்சை, வினிகர் எதுவும் தொண்டையைக் கடக்கும் அந்த நொடியில் முள்ளைக் கரைக்காது, காயத்தில் எரிச்சல்தான் மிச்சம். விரலை விட்டு வாந்தி எடுக்கவைக்கவும் வேண்டாம். முள் இன்னும் கிழிக்கும்.

மணலிக்காரர்: எங்க பையன் ஒரு ரூபாய் நாணயம் முழுங்கிட்டான், எக்ஸ்ரேல பளிச்னு தெரிஞ்சுது. இவருக்கும் ஒரு எக்ஸ்ரே எடுத்து, ஒண்ணும் இல்லைன்னா வீட்டுக்கு வந்துடலாமே?

தொண்டைப்பிரிவு சிஸ்டர்: நாணயம் வேற, முள் வேற சார். மெல்லிய மீன் முள் எக்ஸ்ரேயில் தெரியாமலே போகலாம். வயசானவங்களுக்குக் குரல்வளைக் குருத்தெலும்பு சுண்ணாம்பு பிடிச்சு அதுவே முள் மாதிரி தெரியும். எக்ஸ்ரே சுத்தமா இருந்தும் வலி குறையலைன்னா சிடி ஸ்கேன் பார்ப்பாங்க. உணவுக்குழாயில் நின்றால் எண்டோஸ்கோப்பியில்தான் எடுப்பாங்க. கூர்மையான முள் சுவரில் ஓட்டை போட்டுவிடலாம் என்பதால் தள்ளிப்போடாமல் முடிந்தவரை சீக்கிரம் எடுத்துடுவாங்க. வயிறு காலியாக இருந்தால் மயக்க மருந்து கொடுக்கக் காத்திருக்க வேண்டாம். சோறு சாப்பிட்டிருந்தால் பொதுவாக ஆறு மணி நேரம் காத்திருக்கச் சொல்வாங்க. அதனால் கடைசி உருண்டை எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொண்டு போங்க. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா? அதையும் சொல்லணும்.

கொளத்தூர்வாசி: ஆமாம் சிஸ்டர், இதயத்துக்காக ஒன்று சாப்பிடுகிறார். கடைசி உருண்டை ஒன்றரை மணிக்கு. பல் செட்டைக் கழற்றணுமா?

தொண்டைப்பிரிவு சிஸ்டர்: கழற்றி ஒரு டப்பாவில் எடுத்துட்டுப் போங்க. மேல்பல் செட் அண்ணத்தை மூடிவிடுவதால் முள் இருப்பதே நாக்குக்குத் தெரியாது. இப்படிப்பட்டவர்களுக்கு முள் மாட்டுவதற்கு அதுவும் ஒரு காரணம். ஜிஹெச் போன்ற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் காது மூக்கு தொண்டை பிரிவும் எண்டோஸ்கோப்பியும் ஒரே இடத்தில் கிடைக்கும். எச்சில் விழுங்க முடியாமல் வழிந்தாலோ, மூச்சுத் திணறினாலோ, ரத்தம் துப்பினாலோ, கழுத்து வீங்கினாலோ, நெஞ்சிலோ முதுகிலோ வலி வந்தாலோ ஆட்டோ தேட வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்க. முள் எடுத்துட்டு வீட்டுக்கு வந்த பிறகும் காய்ச்சலோடு நெஞ்சு வலி வந்தால் உடனே திரும்பப் போகணும்.

அடையாறு வாசகி: என் அண்ணிக்கு முள் வெளியே வந்துடுச்சு, ஆனாலும் ஒரு நாள் முழுக்கக் குத்தல் இருந்தது. அதை எப்படிப் பிரிச்சுப் பார்ப்பது?

தொண்டைப்பிரிவு சிஸ்டர்: கீறல் வலின்னா மணிக்கு மணி குறையும், சாப்பாடும் இறங்கும், ஓரிரு நாளில் போயிடும். ஒவ்வொரு விழுங்கலுக்கும் அதே இடத்தில் அதே குத்தல் இருந்தால் முள் இன்னும் இருக்குன்னு எடுத்துக்கணும். நிச்சயம் வேணும்னா மூக்கு வழியா மெல்லிய கேமராக் குழாய் விட்டுப் பார்ப்பாங்க.

பெரியமேட்டு மாமா: அப்ப நெத்திலி முள்ளுக்குக் கூட ஆஸ்பத்திரியா? எங்க வீட்ல சோறு முழுங்கித்தான் சரியாச்சு.

தொண்டைப்பிரிவு சிஸ்டர்: வலி லேசா இருந்து, எச்சில் சுலபமா இறங்கினா, ரெண்டு வாய் தண்ணி குடிச்சுக் கொஞ்ச நேரம் பார்க்கலாம் மாமா. சோற்று உருண்டைக்கு மட்டும் நான் சரின்னு சொல்ல மாட்டேன்.

கொளத்தூர்வாசி: கிளம்பிட்டோம். அம்மா வழிக்குன்னு எடுத்து வைத்த வாழைப்பழத்தை வீட்டிலேயே விட்டுட்டு வந்தோம்.