50 ஹேர்ட்ஸில் ஒரு மேடா, இரண்டு கோடுகளா? வெல்ச் முறையில் துண்டின் நீளத்தோடு பட்ட அனுபவங்கள்

உப்புவெளி ஒலிப்பதிவாளர்:
கொட்டியாரக் குடாவில் நங்கூரமிட்ட படகிலிருந்து ஹைட்ரோஃபோனை இறக்கி எடுத்த பதிவு இது. விநாடிக்கு 8000 மாதிரிகள், ஐந்து நிமிடம். கரையில் ஒரு மின்பிறப்பாக்கி ஓடிக்கொண்டிருந்தது. சற்றுத் தள்ளி ஒரு மீன்பிடிப் படகு இயந்திரத்தை நிறுத்தாமல் நின்றது. இந்த இரண்டில் எது நீருக்குள் எவ்வளவு கேட்கிறது என்று பிரித்துச் சொல்வதுதான் வேலை.

முழுப் பதிவுக்கும் ஒரே பீரியடோகிராம் எடுத்தால் ஊசிக் காடுதான் தெரிந்தது. அடுத்தடுத்த இரண்டு புள்ளிகள் 20 டெசிபெல் வேறுபட்டன. பதிவை நீட்டினாலும் இது அடங்காது. புள்ளிகள் நெருக்கமாகுமே தவிர, ஒவ்வொரு புள்ளியும் தன் உண்மை மதிப்பின் அளவுக்கே ஆடிக்கொண்டிருக்கும்.

ஆகவே வெல்ச் முறைப்படி பதிவைத் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றின் பீரியடோகிராமையும் சராசரி எடுத்தேன். துண்டு 0.1 விநாடி என்றபோது கோடு கண்ணாடிபோல வந்தது. 50 ஹேர்ட்ஸைச் சுற்றி அகன்ற மேடு ஒன்று மட்டும். 1 விநாடியில் மேடு ஒடுங்கியது, ஆனால் பிரியவில்லை. 4 விநாடியில்தான் 48.5இலும் 50இலும் இரண்டு உச்சிகள் எழுந்தன. படகின் இயந்திரம் நான்கு சிலிண்டர், நான்கு அடிப்பு. நிமிடத்துக்குச் சுமார் 1455 சுற்று. ஒரு சுற்றுக்கு இரண்டு முறை எரிவதால் 48.5 வருகிறது. கணக்கு ஒத்துப்போனபோது உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

```python
f, p = signal.welch(x, fs=8000, window='hann',
                    nperseg=32000, noverlap=16000)
```

16 விநாடிக்குப் போனதும் தளம் மீண்டும் கரடுமுரடானது. நீங்கள் எந்த நீளத்தில் நிறுத்துகிறீர்கள்?

சாம்பல்தீவு மாணவன்:
அண்ணா, என் அனுபவத்தில் துண்டு நீளமாக நீளமாக நல்லது. 1 விநாடியிலிருந்து 4 விநாடிக்குப் போனால் உச்சி தளத்துக்கு மேல் 6 டெசிபெல் உயர்கிறது, அதாவது சமிக்ஞை வலுவாகிறது. தளம் ஆடுவது பிடிக்கவில்லையென்றால் துண்டைச் சிறிதாக வைத்துக்கொண்டு `nfft`-ஐ மட்டும் கூட்டுங்கள். புள்ளிகள் நெருங்கி உச்சி பிரிந்துவிடும்.

கடலியல் ஆய்வுகூடக்காரர்:
தம்பி, 6 டெசிபெல் உயர்வது உண்மை, காரணம்தான் வேறு. மின்பிறப்பாக்கியின் ஒலி ஒரே மீடிறனில் குவிந்திருக்கிறது. துண்டு நான்கு மடங்கு நீண்டால் அதே வலு நான்கில் ஒரு பங்கு அகலத்துக்குள் அடங்க வேண்டியிருப்பதால் அடர்த்தி நான்கு மடங்காகிறது. பரந்த கடல் இரைச்சலின் தளம் அசைவதில்லை. எனவே "எவ்வளவு கேட்கிறது" என்ற கேள்விக்கு உச்சியின் உயரத்தைப் படிக்கக் கூடாது. உச்சியின் கீழுள்ள பரப்பைக் கூட்டித் தளத்தின் பங்கைக் கழிக்க வேண்டும். அந்தப் பரப்பு 1 விநாடியிலும் 4 விநாடியிலும் ஏறக்குறைய ஒன்றாகவே வரும்.

`nfft`-ஐக் கூட்டுவது பூச்சியங்களைச் சேர்ப்பது மட்டுமே. அதே மேட்டை நெருக்கமான புள்ளிகளால் வரைந்து காட்டும். 1 விநாடித் துண்டில் ஹான் சாளரத்தின் நடுமடல் பக்கத்துக்கு 2 ஹேர்ட்ஸ் பரவியிருக்கிறது. 1.5 ஹேர்ட்ஸ் இடைவெளியை அது விழுங்கிவிடும். எத்தனை பூச்சியம் சேர்த்தாலும் மீளாது.

உப்புவெளி நண்பரின் எண்களையே பாருங்கள். பாதிக்குப் பாதி மேற்பொருத்தினால் 4 விநாடிக்கு 149 துண்டுகள் கிடைக்கின்றன, தளத்தின் ஆட்டம் சுமார் 8 சதவீதம். 0.1 விநாடிக்கு அது 1.3 சதவீதம், அழகான கோடு, ஆனால் பொய்யான வடிவம். பக்கச்சார்பு இப்படித்தான் வரும், சத்தமில்லாமல். மாறற்றிறன் கண்ணில் குத்தும். பக்கச்சார்பு வழுவழுப்பாக இருந்து நம்பவைக்கும். எனக்கு இதில் பயம் அதிகம்.

நான் செய்வது இது: நீளத்தைப் பாதியாக்கியும் இரட்டிப்பாக்கியும் மூன்று வரைபடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பேன். நீட்டும்போது ஒரு மேட்டின் வடிவம் மாறிக்கொண்டே போனால் அங்கே இன்னும் பக்கச்சார்பு இருக்கிறது. வடிவம் நின்று, சிலும்பல் மட்டும் கூடினால் இனி நீட்டுவதில் பயனில்லை.

உப்புவெளி ஒலிப்பதிவாளர்:
16 விநாடியில் இன்னொன்றையும் பார்த்தேன். 50இன் உச்சி ஊசியாக நின்றது, 48.5 மட்டும் தட்டையாக விரிந்தது.

கடலியல் ஆய்வுகூடக்காரர்:
இயந்திரத்தின் சுற்று வேகம் அந்த ஐந்து நிமிடத்தில் மெல்ல நகர்ந்திருக்கிறது. 0.3 ஹேர்ட்ஸ் நகர்ந்தாலே போதும். ஒவ்வொரு துண்டிலும் உச்சி வேறிடத்தில் விழுகிறது, சராசரி அதை மேடையாக்கிவிடுகிறது. மின்பிறப்பாக்கிக்கு வேகக் கட்டுப்பாடு இருப்பதால் அது நகரவில்லை. உங்கள் பதிவுக்கு 4 விநாடி சரி.

பௌதிகவியல் ஆசிரியை, மூதூர்:
சராசரி என்றதும் என் வகுப்பு நினைவுக்கு வந்தது. மாணவர்கள் மின்விசிறியின் ரீங்காரத்தைப் பல தடவை கைப்பேசியில் பதிந்து, அலைவடிவங்களைக் கூட்டிச் சராசரி எடுத்தார்கள். இரைச்சல் குறைந்தது, ரீங்காரமும் காணாமல் போனது! நீங்கள் சொல்லும் சராசரியில் அப்படி ஆகாதா?

சாம்பல்தீவு மாணவன்:
ஆகாது, அக்கா. ஒவ்வொரு பதிவும் வெவ்வேறு கட்டத்தில் தொடங்குவதால் அலைகள் ஒன்றையொன்று அழிக்கின்றன. இங்கே முதலில் ஒவ்வொரு துண்டின் வலுவையும் கணக்கிட்டுவிட்டுத்தான் கூட்டுகிறோம். வலு எப்போதும் நேர் எண். நான் டெசிபெலாக மாற்றிய பிறகு சராசரி எடுப்பது வழக்கம், அதுவும் சரிதானே?

கடலியல் ஆய்வுகூடக்காரர்:
முதல் பாதி மிகச் சரி. இரண்டாவதை விட்டுவிடுங்கள். மடக்கை எடுத்த பின் சராசரி எடுத்தால் இரைச்சல் தளம் 2.5 டெசிபெல் தாழ்ந்து நிற்கும். எத்தனை துண்டு சேர்த்தாலும் அது சரியாகாது.

நிலாவெளி சுழியோடி:
பவளப் பாறைக்குப் பக்கத்தில் பதிந்தவர்களுக்குச் சொடுக்கும் இறாலின் வெடிப்பொலி தெரிந்திருக்கும். நான் நீரில் இறங்கும் இடத்தில் அது ஓயாது. உரத்த சொடுக்கு விழுந்த சில துண்டுகளே முழுச் சராசரியையும் தூக்கிவிடுகின்றன. `average='median'` கொடுத்ததும் தளம் இறங்கியது. ஸைபை நிரலகம் இடையத்துக்குரிய திருத்தத்தைத் தானே செய்துகொள்கிறது. ஆனால் துண்டு நீண்டால் சொடுக்கு விழாத துண்டே இல்லாமல் போகிறது, அப்போது இடையமும் உதவவில்லை.

துறைமுக நீர்மட்டக்காரர்:
என் சிக்கல் இதற்கு நேரெதிர். உட்துறைமுகத்தில் அழுத்தமானி வைத்து, நிமிடத்துக்கு ஒரு மாதிரி, ஆறு மணி நேரம் எடுத்தேன். 20 நிமிடக் காலத்தில் ஏதோ ஊசலாட்டம் இருப்பதுபோலத் தெரிகிறது. ஒரு மணி நேரத் துண்டு வைத்தால் 11 துண்டுகள்தான் வருகின்றன.

கடலியல் ஆய்வுகூடக்காரர்:
11 துண்டுக்கு ஆட்டம் 30 சதவீதத்துக்கு மேல். அதைவிட, ஹான் சாளரத்தில் அந்த மேடு 12 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை பரவும். அதற்குள் வற்றுப்பெருக்கின் சரிவும் கசியும். `detrend='linear'` கொடுங்கள்; இயல்பாக அது சராசரியை மட்டுமே கழிக்கிறது. இருந்தும் ஆறு மணி நேரத்தை வைத்து 20 நிமிடம் என்று நான் எழுதமாட்டேன்.

உப்புவெளி ஒலிப்பதிவாளர்:
தாம்சன் 1982இல் முன்வைத்த பல்சாளர முறை இதற்கு உதவாதா? பதிவை வெட்டாமலே பல மதிப்பீடுகள் கிடைக்குமே.

கடலியல் ஆய்வுகூடக்காரர்:
கசிவு குறையும், அது நிச்சயம். ஆட்டத்தைக் குறைக்க அங்கேயும் மீடிறன் அகலத்தைத்தான் விலையாகக் கொடுக்கிறோம். ஒரு வாரம் பதிந்தால் இரண்டு மணி நேரத் துண்டிலேயே ஆட்டம் 8 சதவீதத்துக்கு வந்துவிடும்.

துறைமுக நீர்மட்டக்காரர்:
ஒரு வாரம் வைக்க அனுமதி கேட்டிருக்கிறேன். ஆனால் காற்று எழும் மாலையில்தான் ஊசலாட்டம் தெரிகிறது, காலையில் நீர் அசையாமல் கிடக்கிறது. இரண்டையும் சேர்த்துச் சராசரி எடுப்பதா, மாலைகளை மட்டும் பிரித்தெடுப்பதா? பிரித்தால் துண்டுகள் மறுபடி குறைகின்றன. காற்றோடு நீர்மட்டம் எடுத்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.