சியா சாப்பிட்டும் இறுகிப்போன வயிறு: ஆளி, சியா, சப்ஜா அனுபவங்கள்

வெண்ணாற்றங்கரை

எங்களுக்கு நீடாமங்கலம் பக்கம். அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, இன்னமும் வயலுக்குப் போய்வருகிறார். கொஞ்ச நாளாகவே வெளிக்குப் போவது சிரமம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். சென்னையில் இருக்கிற தம்பி சியா விதை வாங்கி அனுப்பினான். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அரை டம்ளர் கெட்டித் தயிரில் ரெண்டு டேபிள் ஸ்பூன் விதையைப் போட்டுக் கலக்கி, அப்படியே சாப்பிட்டுவிடுவார். மேலே தண்ணீர் குடிக்க மாட்டார். குடித்தால் ராத்திரி பலமுறை எழுந்திருக்க வேண்டியிருக்கிறது என்பார். இப்போது வயிறு உப்பிக்கொண்டு, வெளிக்குப் போவது முன்னைவிட மோசம். கல் மாதிரி இருக்கிறது என்கிறார். சியா அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லையா? சப்ஜாவுக்கோ ஆளி விதைக்கோ மாற்றிப் பார்க்கலாமா? எடுத்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

டிகிரி காபி

சப்ஜாவுக்கு மாற்றிவிடுங்கள், யோசிக்கவே வேண்டாம். சியா எங்கிருந்தோ வந்தது, சப்ஜா நம் உடம்புக்குக் குளிர்ச்சி. கும்பகோணத்தில் எங்கள் வீட்டில் சித்திரை பிறந்தால் நன்னாரி சர்பத்தும் சப்ஜாவும் தினமும் உண்டு, யாருக்கும் இந்தத் தொந்தரவு கிடையாது. பத்து நிமிஷத்தில் ஊறிவிடும். விதையே தண்ணீரைச் சுமந்துகொண்டு உள்ளே போவதால் தனியாகத் தண்ணீர் குடிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

கடைத்தெரு

நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கிறேன். அப்பா சாப்பிடுவது சியாதானா என்று முதலில் பாருங்கள் அக்கா, ரெண்டையும் மாற்றிக் கேட்டு வாங்குகிறவர்கள் நிறைய. உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். சப்ஜா ஒரே கறுப்பு, பளபளப்பு இருக்காது. சியாவில் சாம்பல், கறுப்பு, வெள்ளை எல்லாம் கலந்திருக்கும், விதை மேல் பொறிப்பொறியாகக் கோலம் இருக்கும், வழுவழுப்பாகவும் இருக்கும். தண்ணீரில் போட்டால் சப்ஜா சில நிமிஷத்திலேயே ஒவ்வொரு விதையும் தனித்தனியாகக் கண்ணாடிச் சட்டை போட்டுக்கொண்டு உப்பும். சியா மெதுவாகத்தான் ஊறும், ஊறினபிறகு டம்ளர் முழுக்கக் கூழாக இறுகும்.

நைட் டூட்டி

தஞ்சாவூரில் ஸ்டாஃப் நர்ஸ். வயிற்று வார்டில் பல வருஷம் இருந்தவள் என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

விதை மேல் தப்பில்லை அக்கா, தண்ணீர்க் கணக்குதான் இடிக்கிறது. சியா தன் எடையைப் போலப் பத்து மடங்கு தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். ஒரு டேபிள் ஸ்பூன் ஏறக்குறைய 12 கிராம். ரெண்டு ஸ்பூன் என்றால் கால் லிட்டர் தண்ணீர் அந்த விதைக்கே வேண்டும். அப்பா கொடுப்பது அரை டம்ளர் தயிர், அதுவும் கெட்டித் தயிர். மிச்சத் தண்ணீரை அது எங்கே போய்த் தேடும்? குடலுக்குள் இருக்கிற ஈரத்தைத்தான் இழுக்கும். மலம் பருமனாகும், ஆனால் இளகாது. டிகிரி காபி சார் சொன்னதில் பாதி சரி. விதை தண்ணீரைச் சுமந்துகொண்டு போவது உண்மை, ஆனால் அது நன்றாக ஊறின விதைக்கு மட்டும். ஊறின பிறகும் மேலே ஒரு டம்ளர் குடித்தால்தான் முழுப் பலன்.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. ஊறாத விதையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தால் அது உணவுக் குழாயிலேயே உப்பி அடைத்துக்கொள்ளும். அமெரிக்காவில் ஒருவருக்கு அப்படி ஆகி, உள்ளே குழாய் விட்டு அடைப்பை நீக்கியிருக்கிறார்கள். விழுங்குவதில் சிரமம் இருக்கிறவர்கள் இந்த மூன்று விதை பக்கமே போகாமல் இருப்பது நல்லது.

இப்போது ரெண்டு விஷயம் கேட்கிறேன். அப்பா என்னென்ன மாத்திரை போடுகிறார்? கெட்டியாகப் போவதற்கு நடுவில் தண்ணியாகக் கசிகிறதா?

மாயவரம் மருமகள்

நானும் சியாதான் குடிக்கிறேன், காலையில் எலுமிச்சை பிழிந்து. எடை ஒன்றும் குறையவில்லையே! எத்தனை ஸ்பூன் போட்டால் தொப்பை குறையும் என்று யாராவது சொல்லுங்களேன்.

வெண்ணாற்றங்கரை

கடைத்தெரு தம்பி, கொட்டிப் பார்த்தேன், பொறிப்பொறியாகத்தான் இருக்கிறது, சியாவேதான்.

நைட் டூட்டி, பி.பி. மாத்திரை ரொம்ப நாளாகப் போடுகிறார். முழங்கால் வலிக்குப் போனபோது ரத்தம் குறைவு என்று இரும்புச் சத்து மாத்திரையும், கூடவே கால்சியமும் எழுதிக் கொடுத்தார்கள். தண்ணியாகக் கசிவதும் உண்டு. அதைப் பேதி என்று நினைத்து ஒருநாள் அம்மா ஜவ்வரிசிக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாள்.

நைட் டூட்டி

அப்படியானால் விதையை இன்றைக்கே நிறுத்துங்கள். அந்தக் கசிவு பேதியாக இல்லாமல் இருக்கலாம். மலம் வாசலில் கட்டியாகி அடைத்துக்கொண்டால் அதன் ஓரமாகத் தண்ணி மட்டும் வழியும். அந்த நிலையில் மேலே மேலே விதை கொடுப்பது அடைத்த வாய்க்காலுக்குப் பின்னால் இன்னும் வைக்கோலைத் தள்ளுகிற மாதிரி. முதலில் அடைப்பை எடுக்க வேண்டும். டாக்டர் கையால் தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும், அதற்குத் தக்கபடி ஆசனவாயில் வைக்கிற மருந்தோ மலம் இளக்கும் சிரப்போ தருவார். விதைக்கு வேலை அதற்கு அப்புறம்தான்.

இரும்புச் சத்தும் கால்சியமும் மலத்தை இறுக்கும், பி.பி. மாத்திரையில் சில வகையும் அப்படித்தான். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். சீட்டைக் கையில் எடுத்துப்போய் மாற்றித் தர முடியுமா என்று கேளுங்கள். ரத்தம் ஏன் குறைந்தது என்றும் கேளுங்கள். இந்த வயதில் புதிதாக மலச்சிக்கலும் ரத்தக் குறைவும் சேர்ந்து வந்தால் அதைப் பார்க்காமல் விடக்கூடாது. மலத்தில் ரத்தம், எடை இறங்குவது, வாந்தி, காற்றுகூடப் பிரியாமல் வயிறு உப்புவது, இதில் எது இருந்தாலும் உடனே போய்விடுங்கள்.

மாயவரம் மருமகள், தொப்பைக்கு எத்தனை ஸ்பூன் என்று எனக்குத் தெரிந்தால் முதலில் நான் குடித்திருப்பேன்.

சம்பா சாகுபடி

மன்னார்குடி பக்கம். நான் எடுப்பது ஆளி விதை. ராத்திரி ஒரு டேபிள் ஸ்பூன் முழு விதையை ஒரு டம்ளர் வெந்நீரில் போட்டு மூடி வைத்தால் காலையில் முட்டை வெள்ளை மாதிரி வழவழவென்று இருக்கும். விதையோடு சேர்த்துக் குடித்துவிட்டு மேலே ஒரு சொம்பு தண்ணீர், அப்புறம்தான் டீ. ரெண்டு மூன்று நாளில் வித்தியாசம் தெரிந்தது. விதை முழுசாகவே வெளியே வருகிறதே என்று வீட்டில் பயந்தார்கள், வேலை செய்வது அந்த வழவழப்புதான்.

ஆனால் இதே முறையை எங்கள் அண்ணனுக்குச் சொன்னபோது அவருடைய டாக்டர் வேண்டாம் என்றுவிட்டார். அவருக்கு இதயம் பலவீனம், ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளவு போட்டிருக்கிறார்கள். அந்தத் தண்ணீருக்குள் இந்த விதை அடங்காது. கிட்னி தொந்தரவு இருந்து தண்ணீர் அளவு போட்டவர்களுக்கும் இதே கதைதான்.

மாயவரம் மருமகள்

என் மாமியார் ஆளியை இட்லிப் பொடியிலேயே அரைத்துவிடுகிறார். ஊறப்போடுகிற வேலையே இல்லை.

நைட் டூட்டி

அது ருசிக்குச் சரி. மூன்று இட்லிக்குத் தொட்டுக்கொள்ளும் பொடியில் ஆளி எவ்வளவு இருக்கும்? பொடி நல்லெண்ணெயில் குழைந்திருக்கிறது, தண்ணீர் எங்கே? மலம் இளக வேண்டும் என்றால் அரைத்த பொடியில் ஒரு டீஸ்பூனை நீர்மோரிலோ கஞ்சியிலோ கலந்து குடிக்கட்டும். ஒத்துக்கொண்டால் மெதுவாக ஒரு டேபிள் ஸ்பூன், அதிகபட்சம் ரெண்டு. மிக்சியில் விட்டு விட்டு அரையுங்கள், தொடர்ந்து ஓட்டினால் சூடேறி எண்ணெய் கக்கும். ஃபிரிட்ஜில் வைத்துச் சீக்கிரம் தீர்த்துவிடுங்கள். பெயின்ட் வாடை அடித்தால் கெட்டுவிட்டது என்று அர்த்தம்.

வெண்ணாற்றங்கரை

டாக்டரிடம் போய்வந்தோம். நைட் டூட்டி சொன்ன மாதிரியேதான், அடைப்பு இருந்தது. மருந்து வைத்து எடுத்தார்கள், சில நாளுக்கு சிரப்பும் கொடுத்தார்கள். இரும்புச் சத்து மாத்திரையை வேறு வகைக்கு மாற்றினார்கள், ரத்தக் குறைவுக்கு மேலும் டெஸ்ட் எழுதியிருக்கிறார்கள். வயிறு சரியானபிறகு விதை எடுக்கலாம் என்றார், அளவு சொல்லவில்லை. நானும் கேட்க விட்டுவிட்டேன். எப்படி ஆரம்பிப்பது?

நைட் டூட்டி

ராத்திரியிலிருந்து காலைக்கு மாற்றுங்கள், பாதிப் பிரச்சினை அதிலேயே தீரும். பகலில் குடிக்கிற தண்ணீருக்காக ராத்திரி எழுந்திருக்க வேண்டியதில்லை. ராத்திரி அடிக்கடி எழுந்திருப்பதையும் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

முதல் வாரம் ஒரே ஒரு டீஸ்பூன் சியா, ஒரு முழு டம்ளர் தண்ணீர். போட்டதும் கலக்குங்கள், ஐந்து பத்து நிமிஷம் கழித்து இன்னொரு தடவை கலக்குங்கள். இந்த ரெண்டாவது கலக்கலை விட்டால்தான் அடியில் கட்டி கட்டும், கட்டிக்கு நடுவில் விதை காய்ந்தபடியே இருக்கும். குறைந்தது அரை மணி நேரம், ராத்திரியே போட்டு வைத்தாலும் சரி. டம்ளரைச் சாய்த்தால் விதை அடியில் தங்காமல் கூழோடு சேர்ந்து நகர வேண்டும், விரலில் எடுத்தால் வழுக்க வேண்டும். குடித்ததும் இன்னொரு டம்ளர் வெறும் தண்ணீர். மாத்திரைகளுக்கும் இதற்கும் ரெண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள், கூழில் சிக்கினால் மருந்து சரியாகச் சேராது.

ஒரு வாரம் ஒத்துக்கொண்டால் இன்னொரு டீஸ்பூன் கூட்டுங்கள், கூடவே தண்ணீரும். அப்பாவுக்கு ஒரு டேபிள் ஸ்பூனே போதுமாக இருக்கலாம். வாயு கட்டினால் பழைய அளவுக்குத் திரும்புங்கள். மூன்று விதையையும் ஒன்றாக ஆரம்பிக்காதீர்கள், எது ஒத்தது, எது உப்ப வைத்தது என்று தெரியாமல் போகும்.

டிகிரி காபி

ஆக சப்ஜாவே வேண்டாம் என்கிறீர்களா?

நைட் டூட்டி

வேண்டாம் என்று சொல்லவில்லை சார். ஒரு டீஸ்பூனை ஒரு டம்ளரில் கால் மணி நேரம் ஊறவைத்து நன்றாக உப்பினபிறகு குடியுங்கள். மலச்சிக்கலுக்கு என்று ஆராய்ந்து பார்த்தது ஆளியில்தான் கூடுதல், சப்ஜாவில் கம்மி. சர்பத்தில் குடித்தால் சர்க்கரையையும் கணக்கில் வையுங்கள். சின்னக் குழந்தைகளுக்கு வேண்டாம், தொண்டையில் சிக்கும்.

கடைத்தெரு

ஆளியை வறுத்து அரைப்பதா பச்சையாகவா என்று யாரும் சொல்லவில்லையே. லேசாக வறுத்தால்தான் பொடியாகும், பச்சை விதை வயிற்றுக்கு ஆகாது என்று எங்கள் அப்பா சொல்லித்தான் விற்பார்.

சம்பா சாகுபடி

நான் வறுப்பதே இல்லை தம்பி. வறுத்தால் அந்த வழவழப்புப் போய்விடுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

நைட் டூட்டி

பச்சை ஆளியில் சயனைடு உண்டாக்கும் பொருள் கொஞ்சம் இருக்கிறது, சூட்டில் அது குறையும், அதனால் உங்கள் அப்பா சொன்னதில் விஷயம் இருக்கிறது. ஆனால் ஒரு ஸ்பூன் ரெண்டு ஸ்பூனுக்குப் பெரியவர்கள் பயப்பட வேண்டியதில்லை, கிண்ணம் கிண்ணமாகச் சாப்பிட்டால்தான் யோசிக்க வேண்டும். வறுத்தால் வழவழப்புப் போகிறதா என்பதை ஒரு டம்ளரில் வறுத்தது, ஒரு டம்ளரில் பச்சை என்று போட்டுப் பார்த்து யாராவது சொல்லுங்கள்.