82 வயது, 8 மருந்து: மறுஆய்வுக் குறிப்பில் எதை முதலில் நிறுத்தச் சொல்வது? (அவசரம்)

வார்டு_புதுசு: நாளைக் காலை ரவுண்டுக்குள் மருந்து மறுஆய்வுக் குறிப்பு கொடுக்க வேண்டும். 82 வயது அம்மா, கீழே விழுந்து வந்திருக்கிறார், எலும்பு முறிவு இல்லை. கொஞ்ச நாளாகக் குழப்பமாகவும் பேசுகிறாராம். அம்லோடிபின் 10, ஃப்யூரோசமைடு 40, ஆக்சிபியூட்டினின் 5 இரண்டு வேளை, கிளிமெபிரைடு 2, மெட்ஃபார்மின் 500 இரண்டு வேளை, ஆஸ்பிரின் 75, பான்டோப்ரசோல் 40, இரவில் அல்ப்ரசோலம் 0.5. எதை நிறுத்தலாம், எதைக் குறைக்கலாம்?

கணக்கர்: கிரியேட்டினின்? எச்பிஏ1சி? படுத்தும் நின்றும் பார்த்த பிரஷர்? எந்த மாத்திரையை எப்போது, எதற்காகத் தொடங்கினார்கள்?

பழைய_நாடி: பட்டியலைக் கொட்டிவிட்டு விடை கேட்கிறீர்கள். எத்தனை மணிக்கு விழுந்தார் என்றுகூட இல்லை. இதெல்லாம் நாங்கள் முதல் வாரத்திலேயே கற்றுக்கொண்டது.

அரைமாத்திரை: விழுந்தவருக்கு அல்ப்ரசோலம் ஆகாது, இன்றோடு நிறுத்து. கால் வீங்கியிருந்தால் அது அம்லோடிபின் வீக்கம். அப்படியானால் ஃப்யூரோசமைடும் வீண், அதையும் இன்றே தூக்கு.

பேத்தி22: தயவுசெய்து இன்றோடு நிறுத்தாதீர்கள். எங்கள் தாத்தாவின் தூக்க மாத்திரையை ஒரே நாளில் நிறுத்தினார்கள், நான்காம் நாள் ராத்திரி வலிப்பு வந்துவிட்டது. அவரும் பான்டோப்ரசோல் சாப்பிடுகிறார். அதை நிறுத்தலாமா?

அரைமாத்திரை: நிறுத்தலாம். வருஷக்கணக்கில் போட வேண்டிய மாத்திரையே இல்லை அது.

கணக்கர்: அவர் ஆஸ்பிரின் எடுக்கிறாரா என்று கேட்காமல் எப்படிச் சொல்கிறீர்கள்? இந்த வயதில் ஆஸ்பிரின் இருக்கும்வரை பான்டோப்ரசோல்தான் இரைப்பை ரத்தக்கசிவுக்குத் தடுப்பு. பேத்தி, அவருடைய டாக்டரிடம் முழுப் பட்டியலையும் காட்டுங்கள்.

அரைமாத்திரை: அப்போ ஆஸ்பிரினையே நிறுத்துங்களேன்!

பழைய_நாடி: ஸ்டென்ட் வைத்தவராக இருந்தால்? நீங்களா பொறுப்பு?

வார்டு_புதுசு: மன்னிக்கவும், சீட்டுகளைத் தேடிக்கொண்டிருந்தேன். கிரியேட்டினின் 1.3, இஜிஎஃப்ஆர் 41. எச்பிஏ1சி 6.1. பிரஷர் படுத்து 128/70, நின்று 104/60. விழுந்தது விடியற்காலை 4 மணிக்கு, பாத்ரூம் போகும் வழியில். அம்லோடிபினை 5-லிருந்து 10 ஆக்கி மூன்று மாதத்தில் கால் வீக்கம், உடனே ஃப்யூரோசமைடு. அடுத்த மாதம் சிறுநீர் அடக்க முடியவில்லை என்று ஆக்சிபியூட்டினின். குழப்பம் அதற்குப் பிறகுதான். எக்கோ சரியாக இருக்கிறது, மூச்சுத்திணறல் இல்லை. மாரடைப்பு, பக்கவாதம், ஸ்டென்ட் எதுவும் இல்லை. அல்ப்ரசோலம் ஆறு வருஷமாக.

கணக்கர்: தேதிகளே கதையைச் சொல்லிவிட்டன. ஒரு மாத்திரையின் பக்கவிளைவைப் புது நோயென்று நினைத்து அடுத்த மாத்திரை, அதன் விளைவுக்கு இன்னொன்று. குறிப்பில் இந்தச் சங்கிலியைத் தேதியோடு முதல் பத்தியாக எழுதுங்கள், டாக்டர் மேலே படிப்பார்.

முதலில் கிளிமெபிரைடை நிறுத்தச் சொல்லுங்கள். இந்த வயதில், இந்தச் சிறுநீரகத்தோடு 6.1 என்பது நல்ல கட்டுப்பாடு இல்லை, தாழ்சர்க்கரைக்கு வாசல். 4 மணிக்கு விழுந்தபோது சர்க்கரை பார்த்தார்களா என்று கேளுங்கள். எச்பிஏ1சி 8-க்குக் கீழே இருந்தாலே போதும். மெட்ஃபார்மின் நாளுக்கு 1000 இந்த இஜிஎஃப்ஆருக்குச் சரிதான், இருக்கட்டும்.

அடுத்து அம்லோடிபினை 5-க்கு இறக்குங்கள். நின்றால் 24 புள்ளி விழுகிறதே. வீக்கம் விஷயத்தில் அரைமாத்திரை சொன்னது சரி, ஆனால் ஃப்யூரோசமைடு இதயச் செயலிழப்புக்காக இல்லை என்று எக்கோ வந்த பிறகுதான் சொல்ல முடிகிறது. ஒரு வாரம் கழித்து 20, அதற்கடுத்த வாரம் நிறுத்தம். தினமும் எடை பாருங்கள், பொட்டாசியமும் ஒருமுறை. எடை ஏறி மூச்சு வாங்கினால் நம் கணக்கு தப்பு.

அல்ப்ரசோலத்தை ஒரேயடியாக நிறுத்தக் கூடாது, பேத்தி சொன்னதுதான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கால் பங்கு குறையுங்கள், தூக்கம் கெட்டால் அந்தப் படியிலேயே நில்லுங்கள்.

அரைமாத்திரை: ஆக்சிபியூட்டினின்? குழப்பத்துக்கு அதுதானே காரணம்? அதை முதலில் அல்லவா நிறுத்த வேண்டும்!

கணக்கர்: நியாயமான கேள்வி. ஃப்யூரோசமைடு நின்றதும் சிறுநீர் அவசரம் தானாகக் குறையும், பிறகு நிறுத்தினால் அந்த அம்மாவுக்குச் சிரமம் குறைவு என்பது என் கணக்கு. குழப்பம் தினமும் கூடுகிறதென்றால் நீங்கள் சொல்வதுதான் சரி.

பழைய_நாடி: ஒரே நேரத்தில் நான்கை மாற்றிவிட்டு, எது வேலை செய்தது என்று எப்படித் தெரிந்துகொள்வீர்கள்? ஆஸ்பிரினைப் பற்றி இன்னும் யாரும் முடிவு சொல்லவில்லை.

கணக்கர்: அதனால்தான் வாரக்கணக்கு போட்டேன், சார். ஆஸ்பிரின் காரணமில்லாமல் தொடர்கிறது, தொடங்கிய டாக்டரைக் கேட்டு நிறுத்தலாம் என்று ஒரு வரி. அது நின்ற பிறகு, நெஞ்செரிச்சலோ புண்ணோ இருந்ததில்லை என்றால், பான்டோப்ரசோலை 20 ஆக்கி நிறுத்தலாம். இடையில் சில வாரம் புளியேப்பம் வரலாம், நோய் திரும்பியதாக நினைத்து மறுபடி எழுதிவிடுவார்கள்.

வார்டு_புதுசு: கொடுத்துவிட்டேன். கிளிமெபிரைடு நின்றது, அம்லோடிபின் 5. ஆக்சிபியூட்டினினை டாக்டரே இன்று நிறுத்திவிட்டார். 4 மணி சர்க்கரையை யாரும் பார்க்கவில்லையாம். ஆஸ்பிரினைத் தொட மாட்டேன் என்கிறார். நன்றி, டியூட்டிக்கு ஓடுகிறேன்.

பேத்தி22: தாத்தாவும் ஆஸ்பிரின் எடுக்கிறார். இப்போதுதான் பார்த்தேன்.