மேப்ல ஒரு மூலை காலியா இருக்கு, அதுல இறங்கலாமா? (குளிர்பான பொசிஷனிங், அவசரம்)

சோடாக்கடை_மதுரை:
புதுசா ஒரு பாட்டில் ட்ரிங்க் கொண்டு வர்றோம். ஜனங்க மனசுல எந்த பிராண்ட் எங்க நிக்குதுன்னு காட்டுற பெர்செப்சுவல் மேப் போட்டுப் பார்த்தேன். குறுக்கால விலை, மேல தரம். எல்லா பிராண்டும் கீழ இடது மூலையிலேர்ந்து மேல வலது மூலைக்கு வரிசையா நிக்குது. "கம்மி விலை, நல்ல தரம்" மூலை சுத்தமா காலி. அங்க போயிடலாம்ல? நாளைக்கு லேபிள் டிசைனரைப் பார்க்கணும்.

கணக்கு_வழக்கு:
யாரைக் கேட்டீங்க, எத்தனை பேர், எந்தெந்த பிராண்ட்? விலைன்னா கடையில போட்டிருக்கிறதா, குடிக்கிறவங்க நினைக்கிறதா?

ரூட்_சேல்ஸ்:
மேப்பெல்லாம் சும்மா ப்ரோ. பெட்டிக்கடையில பெரிய கம்பெனி குடுத்த ஃப்ரிட்ஜ்ல உங்க பாட்டிலை வைக்க விட மாட்டாங்க. ஃப்ரிட்ஜ்ல இடம் இருக்கான்னு பாருங்க, அதான் பொசிஷனிங்.

தென்காசி_ட்ரேடர்ஸ்:
நாங்களும் இப்படித்தான் தாலுகா வாரியா கடையை மேப்ல குறிச்சோம். சங்கரன்கோவில் பக்கம் நிறைய காலி. அங்க முதல்ல இறங்குங்க.

பழைய_பிராண்ட்_மேனேஜர்:
@தென்காசி, இது கடை மேப் இல்ல, மனசுக்குள்ள இருக்கிற மேப். தம்பி, எல்லாம் ஒரே கோட்டுல நிக்குதுன்னா உங்க ரெண்டு அச்சும் ஒரே விஷயம்னு அர்த்தம். விலை கூடினா தரம்னு ஜனங்க நினைச்சுக்குவாங்க. நீங்க போட்டது மேப் இல்ல, ஸ்கேல். அந்த மூலையில பத்து ரூபாய்க்கு 200 மில்லின்னு 2023லயே காம்பா திரும்ப வந்தாச்சு. பேப்பர் படிக்கிறது நல்லது.

சோடாக்கடை_மதுரை:
ஃப்ரெண்ட்ஸ் 30 பேர், 1-5 மார்க், சராசரி எடுத்தேன். கோக், பெப்சி, தம்ஸ் அப், ஸ்ப்ரைட், செவன் அப், காம்பா, பொவண்டோ.

கணக்கு_வழக்கு:
அச்சை நீங்க முடிவு பண்ணாதீங்க. குடிக்கிறவங்க வாயிலேர்ந்து 10-12 குணம் எடுங்க: தொண்டையில நல்லா கடிக்குது, இனிப்பு திகட்டுது, பிரியாணிக்கு ஒத்து வரும், வயிறு லேசாகும், விருந்தாளிக்கு வைக்கலாம், பசங்களுக்குக் குடுக்கலாம், இப்படி. தெரிஞ்ச பிராண்டுக்கு மட்டும் மார்க் போடச் சொல்லுங்க.

இதுல ஒரு பொறி இருக்கு. பிரபலமான பிராண்டுக்கு எல்லாக் குணத்துலயும் மார்க் கூட விழும். உதாரணத்துக்கு, ஒண்ணுக்கு எல்லாம் சேர்த்து சராசரி 3.9, சின்ன பிராண்டுக்கு 2.6ன்னு வெச்சுக்கோங்க. அப்படியே போட்டா முதல் அச்சு வெறும் "பேர் தெரியுமா தெரியாதா"ன்னு ஆயிடும். அதனால ஒவ்வொரு பிராண்டோட சராசரியையும் அதோட வரிசையிலேர்ந்து கழிங்க. அப்போ 2.6 பிராண்ட் "வயிறு லேசாகும்"ல 3.4 வாங்கியிருந்தா +0.8, அதான் அதோட அடையாளம். வரிசைக்கு ஒரு பிராண்ட், பத்திக்கு ஒரு குணம்னு ஃபைல் போட்டு R-ல இதை ஓட்டுங்க, ஒண்ணோட ஒண்ணு ஒத்துப் போற குணங்களைச் சேர்த்து அச்சை அதுவே எடுத்துக் குடுக்கும்:

```
m <- read.csv("brands.csv", row.names=1)
m <- m - rowMeans(m)
p <- prcomp(m, scale.=TRUE)
summary(p); biplot(p)
```

இன்னொண்ணு, லிஸ்ட்ல மாஸா, பன்னீர் சோடா, கடை எலுமிச்சை சோடா, மோர் எல்லாம் எங்க? நீங்க காலின்னு நினைக்கிற இடத்துல மோர் உக்காந்திருக்கும். கடைசியா எதுக்கு, என்ன வாங்குனீங்கன்னும் கேளுங்க. யாரும் வாங்காத இடம் காலியா இருக்கத்தான் செய்யும்.

ரூட்_சேல்ஸ்:
பொவண்டோவை கோலாவோட சேர்த்தது தப்பு. அது திராட்சை.

விருதுநகர்_காளை:
கலர் கருப்பு, குடிக்கிறது கோலாவுக்குப் பதிலா. அது கோலாதான்யா.

ரூட்_சேல்ஸ்:
வாயில வெச்சுப் பார்த்தா தெரியும்.

பழைய_பிராண்ட்_மேனேஜர்:
ரெண்டு பேரும் சும்மா இருங்க. 1960கள் கடைசியில அமெரிக்காவுல செவன் அப் "அன்-கோலா"ன்னு விளம்பரம் பண்ணுச்சு. உள்ள இருந்த எலுமிச்சை மாறல, ஜனங்க அதை எதோட ஒப்பிடுறாங்கங்கிறதுதான் மாறுச்சு. திராட்சையா கோலாவான்னு புள்ளி எங்க விழுதோ அது சொல்லட்டும்.

விருதுநகர்_காளை:
புள்ளி என்ன சொன்னாலும் கோலாதான்.

சோடாக்கடை_மதுரை:
மறுபடி 64 பேர்கிட்ட கேட்டேன், காலேஜ், மெக்கானிக் கடை, வீடுன்னு கலந்து. பழைய மூலை போயிடுச்சு. இப்போ "வயிறு லேசாகும், இனிப்பு கம்மி, ஆனா விருந்தாளிக்கு வைக்கலாம்" பக்கம் காலி. மோர் கிட்டக்க இருக்கு, ஆனா விருந்தாளி பக்கம் வரல. முதல் ரெண்டு அச்சு, PC1, PC2 சேர்த்து பிராண்டுகளுக்குள்ள இருக்கிற மொத்த வித்தியாசத்துல 58% தான் காட்டுது. போதுமா?

பழைய_பிராண்ட்_மேனேஜர்:
கம்மி. PC3யும் போட்டுப் பாருங்க. இப்போ ஒட்டி நிக்கிற ரெண்டு பிராண்ட் அதுல தள்ளி நிக்கலாம், நெரிசல்னு நீங்க விட்ட இடத்துலயே வழி இருக்கும். விருந்தாளிக்குன்னு எத்தனை பேர் வாங்குறாங்க, அதைச் சொல்லலையே?

தென்காசி_ட்ரேடர்ஸ்:
டீலர்ஷிப் உண்டா?