ஒத்த மைனஸ் ஒரு கேமையே கவுக்குமா?

நைட்ஷிஃப்ட்:
சிறுகதை ஒண்ணு எழுதியிருக்கேன், நம்புற மாதிரி இருக்கான்னு சொல்லுங்க. சுருக்கம் இதான். ராத்திரி ஷிஃப்ட்ல ஒரு டெவலப்பர் தனியா இருக்கான், சாயங்காலம்தான் பேட்ச் போயிருக்கு. ரெண்டு மணிக்கு மேல கம்ப்ளைன்ட் கொட்டுது, புதுசா ஆரம்பிச்ச பிளேயர் எல்லாருக்கும் கேமை மூடித் திறந்தா 4294967196 கோல்டு இருக்கு, மார்க்கெட்ல இருந்த சரக்கு மொத்தமும் காலி. விடியுற வரைக்கும் பிரேக்பாயின்ட் வச்சு வச்சு தேடி கடைசில ட்யூட்டோரியல் கடை கோடுல இதப் பிடிக்கிறான்:

```
gold =- price;
```

ட்யூட்டோரியல்ல எல்லாருக்கும் 100 கோல்டு குடுப்பாங்க, கத்தி விலையும் 100. அவ்ளோதான் கதை.

செமிகோலன்:
சாரி நண்பா, நம்பல. 100 வச்சிருந்தவன் கத்தி வாங்கினா கோல்டு -100 ஆயிடும், ஸ்க்ரீன்ல மைனஸ் நூறுன்னு தெரியும், டெஸ்டர் அங்கேயே கத்தியிருப்பான். ரிவ்யூ பண்ணவன் எங்க, டெஸ்ட் எங்க? கதைக்கு வசதியா எல்லாரையும் தூங்க வச்சிட்டீங்க.

நைட்ஷிஃப்ட்:
அது கதைக்குள்ளயே இருக்கு ஜி, சுருக்கத்துல விட்டுப்போச்சு. கோல்டு காட்டுற இடத்துல இப்படி ஒரு வரி இருக்கும்:

```
label.setText(max(0, gold));
```

உள்ள -100 இருந்தாலும் வெளிய 0 தான். நூறுல நூறு போனா சைபர், டெஸ்டர் டிக் போட்டுட்டு அடுத்த வேலைக்குப் போயிட்டான். வேற கடைக்கெல்லாம் வேற ஃபங்ஷன், அதுல `-=` சரியாத்தான் இருக்கு.

லெவல்99:
நடக்காதுன்னு யாரு சொன்னது, Civilization-ல காந்தி கதை எல்லாருக்கும் தெரியுமே, அவரோட கோபம் 1, ஜனநாயகம் வந்தா 2 குறையணும், மைனசுக்குப் போகாம சுத்தி 255 ஆயி அணுகுண்டு போட ஆரம்பிச்சிட்டாரு. அதே மேட்டர்தான் இது, நடந்த சம்பவம்.

பழைய_சி:
காந்தி கதை நடக்கவே இல்ல தம்பி. அந்த கேமை டிசைன் பண்ண சிட் மையரே 2020-ல வந்த தன்னோட புத்தகத்துல அப்படி ஒரு பக் இருந்ததே இல்லன்னு எழுதிட்டாரு. ஆனா நீ சொன்ன சுத்துற கணக்கு உண்மைதான், மைனஸ் வைக்க இடமில்லாத டைப்புல மைனஸ் நம்பரைத் திணிச்சா மேல் முனைக்குப் போயிரும். இங்க -100-ஐ 32 பிட் அன்சைன்ட்ல எழுதினா 4294967296-லேர்ந்து 100 போக மிச்சம் 4294967196. கதாசிரியர் கணக்கு சரி.

ஆனா ஒண்ணு இடிக்குது. சேவ் ஃபைல்ல `uint32_t`-ஆ எழுதினதை திரும்ப 32 பிட் `int`-ல படிச்சா பழையபடி -100 தான் வரும், பிட்டு அதே பிட்டுதானே, 429 கோடி கோல்டு வராது. கேமுக்குள்ள gold `int64_t`-ஆ இருக்கணும், ஃபைல்ல மட்டும் `uint32_t`-ஆ இருக்கணும், அப்பதான் படிக்கும்போது பெரிய நம்பராவே உக்காரும். நெஜத்துல இப்படி அமையும், கேமுக்குள்ள டைப்பைப் பெருசாக்கிட்டு பழைய சேவ் உடையக் கூடாதுன்னு ஃபைல் ஃபார்மட்டை மட்டும் தொடாம விட்டிருப்பாங்க.

நைட்ஷிஃப்ட்:
டைப் எதுவும் கதையில எழுதல, அதனால `int64_t`-ன்னே வச்சுக்கோங்க 😄

ஷேடர்பித்தன்:
எனக்கும் ஒரு தடவ மைனஸ் பிரச்சனை வந்துச்சு, மவுசை மேல தள்ளினா கேமரா கீழ பாத்துச்சு, பிட்ச் ஆங்கிளுக்கு முன்னாடி ஒரு மைனஸ் விட்டுப்போயிருந்துது, போட்டதும் சரியாயிடுச்சு. நீங்களும் விலைக்கு முன்னாடி மைனஸ் போட்டுப் பாருங்க.

செமிகோலன்:
தல, இங்க மைனஸ் ஏற்கனவே இருக்கு, இடம்தான் மாறியிருக்கு. அதுவும் இது கதை, யாரும் ஃபிக்ஸ் கேக்கல.

சரி, பழைய_சி, உங்ககிட்டயே கேக்குறேன், கம்பைலர் சும்மா விடுமா இத?

பழைய_சி:
எரர் வராது, `gold = -price` முறையான கோடுதானே. கிளாங்ல மட்டும் வார்னிங் வரும்:

```
use of unary operator that may be intended as compound assignment (-=)
```

அதுவும் `=-` ரெண்டும் ஒட்டி இருந்து அடுத்து ஸ்பேஸ் இருந்தாத்தான் வரும். `gold =-price`-னு எழுதினா வேணும்னே மைனஸ் விலை போடுறான்னு நெனச்சு அதுவும் வாயை மூடிக்கும். ஆயிரம் வார்னிங் ஓடுற ப்ராஜெக்ட்ல இந்த ஒரு வரியை யாரு பாக்கப்போறா.

இன்னொரு கூத்து, C ஆரம்ப காலத்துல கழிச்சு வைக்கிறதுக்கு `=-` தான் சரியான ஆப்பரேட்டர், B மொழிலேர்ந்து வந்துது. `i=-10`-னு எழுதினா பத்தைக் கழிக்கவா மைனஸ் பத்தை வைக்கவான்னு குழப்பம்னுதான் 1976 வாக்குல திருப்பிப் போட்டாங்க. இந்தக் கதையில மாட்டிக்கிட்டவன் அதே குழியிலதான் விழுந்திருக்கான்.

என்னோட ஆட்சேபணை வேற. உங்காளு விடியுற வரைக்கும் பிரேக்பாயின்ட் வச்சது எனக்கு ஒட்டல. 4294967196-ன்னு பாத்த உடனே, 429 கோடியில ஆரம்பிக்குதுன்னாலே, இந்த வேலையில கொஞ்ச நாள் இருந்தவன் கை தானா 2^32-லேர்ந்து அதைக் கழிக்கும். வந்த 100-ஐப் பாத்தா, இந்த கேம்ல முதல் பத்து நிமிஷத்துல 100 எங்க வருதுன்னு யோசிச்சா போதும், கத்தி விலை. அங்கேர்ந்து கடை கோடு ஒரு சர்ச் தூரம். நம்பரே குற்றவாளி பேரைச் சொல்லிட்டு நிக்குது.

வாசகி:
அஞ்சு நிமிஷத்துல பிடிச்சிட்டா அப்புறம் கதை எங்கண்ணா இருக்கு? அவன் தனியா முழிச்சு தேடுறதுதானே கதையே.

பழைய_சி:
பிடிச்சதுக்கு அப்புறம்தாம்மா கதை இருக்கு. `=-` கழிக்கல, பழைய மதிப்பையே அழிச்சிட்டு மைனஸ் விலையை வச்சிருக்கு. ட்யூட்டோரியல்ல எல்லாருக்கும் 100-ங்கறதால முதல்ல இருந்தது தெரியும், ஆனா அப்புறம் அவன் சம்பாதிச்சது, மார்க்கெட்ல அள்ளினது, அந்த சரக்கை விக்கப் போட்டிருந்த நேர்மையான பிளேயருக்குப் போய்ச் சேந்த கள்ளக் கோல்டு, இதெல்லாம் எப்படிப் பிரிக்கிறது? மைனஸை இடம் மாத்த ஒரு செகண்ட் போதும், சேவ் ஃபைலை அது திருத்தாது. ரெண்டு மணிக்கு சர்வரை மூடி முந்தின நாள் பேக்கப்புக்கு எல்லாரையும் தள்ளுறதா, இல்ல காலைல ஆள் வர்ற வரைக்கும் ஓட விடுறதா, ஒருத்தனா முடிவெடுக்கணும். அத எழுதுங்க.

வாசகி:
ஐயோ இது நல்லாருக்கே.

செமிகோலன்:
நல்லாத்தான் இருக்கு, ஆனா தலைப்பு தப்பு. மைனஸ் மட்டும் இருந்து அந்த `max(0, ...)` இல்லாம இருந்தா முதல் நாளே பிடிபட்டிருக்கும். சேவ் டைப் சரியா இருந்தா பிளேயருக்கு -100, கடையில எதுவும் வாங்க முடியாது, மார்க்கெட் பொழச்சிருக்கும். மூணு பேர் செஞ்ச குளறுபடியை ஒத்த மைனஸ் தலையில கட்டுறீங்க. என்னைக் கேட்டா காட்டுற இடத்துல மைனஸை மறைச்சவன்தான் முதல் குற்றவாளி.

அதோட இன்னொண்ணு, கத்தி வாங்கிட்டு அடுத்து 30 கோல்டு பொறுக்கினா உள்ள -70, ஸ்க்ரீன்ல அப்பவும் 0. காசு எடுத்தேன் ஏறலன்னு ஒரு டெஸ்டர் கூடவா சொல்லல?

நைட்ஷிஃப்ட்:
ட்யூட்டோரியல் கத்தியோட முடிஞ்சிடும், டெஸ்ட் ஷீட்டும் அதோட முடிஞ்சிடும். ஆனா அந்த 30 கோல்டு மேட்டர் சூப்பர், ராத்திரி வர்ற முதல் கம்ப்ளைன்டா அதையே வச்சிடறேன், அவன் அதை டிஸ்ப்ளே பக்னு நெனச்சு தள்ளி வைப்பான்.

தலைப்பை மாத்த மாட்டேன் ஜி. அந்த `max`-உம் சேவ் டைப்பும் ரொம்ப நாளா அங்கயேதான் கெடந்துது, யாருக்கும் ஒண்ணும் ஆகல. அன்னைக்கு புதுசா உள்ள வந்தது மைனஸ் மட்டும்தான்.

செமிகோலன்:
பல வருஷமா கேஸ் கசிஞ்ச வீட்டுல தீக்குச்சி கிழிச்சவனை மட்டும் பிடிப்பீங்க போல. ஒத்துக்க மாட்டேன்.

லெவல்99:
காந்தி பொய்யா?? இத்தன வருஷமா நம்பிட்டு இருந்தேன்டா